வண்டி எங்கே நின்றது, எங்கே திரும்பியது: தொலைவு–நேர வரைபடத்தைப் படிக்கும் விதம்

என் சித்தப்பா மகன் திருச்சியில் இரண்டு குட்டி யானை வைத்து ஓட்டுகிறான். ஒன்றை அவனே ஓட்டுவான், இன்னொன்றுக்கு டிரைவர். அந்த இரண்டாவது வண்டியில் ஜிபிஎஸ் கருவி மாட்டிய மறுவாரம் எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். "அண்ணே, காந்தி மார்க்கெட்ல காய்கறி ஏத்திக்கிட்டு தஞ்சாவூர் போன வண்டி இது. நடுவுல மலை மாதிரி ஏறி இறங்குது பாருங்க. தஞ்சாவூர் ரோட்டுல ஏது இவ்வளவு பெரிய மேடு?" என்று கேட்டான்.

மேடு எதுவும் இல்லை. வண்டி போன வழியிலேயே பத்து கிலோமீட்டர் திரும்பி வந்து, மறுபடி போயிருக்கிறது. கோடு இறங்கினால் வண்டி இறக்கத்தில் போகிறது என்று நினைப்பது அவன் மட்டும் செய்த தவறல்ல. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் நிறையப் பேர் முதல் தடவை இப்படித்தான் படிக்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்கு அது ஒரு படம் மாதிரித் தெரிகிறது. சாலையை ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று மனது தானாகவே எடுத்துக்கொள்கிறது. அவனுக்கு விளக்கியதையே இங்கேயும் எழுதுகிறேன். கணக்கு சுலபமாக வருவதற்காக எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன், மற்றபடி பயணம் அதேதான்.

ஒரு கிராஃப் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் ஒரு தடவை வரைந்து பார்த்தால்தான் இது மண்டையில் ஏறும். காந்தி மார்க்கெட்டிலிருந்து வண்டி எவ்வளவு தொலைவில் இருந்தது என்பது இது:

```
நேரம்    மார்க்கெட்டிலிருந்து (கி.மீ.)
6:00      0
6:40     20
7:00     35
7:25     35
7:40     45
7:50     35
7:55     35
8:20     55
```

படுக்கைவாட்டில் நேரம், 1 செ.மீ.க்கு 10 நிமிடம். நிமிர்ந்த வாட்டில் தொலைவு, 1 செ.மீ.க்கு 5 கி.மீ. மொத்தம் 14 செ.மீ. அகலம், 11 செ.மீ. உயரம், ஒரு தாளில் தாராளமாக அடங்கும். எட்டுப் புள்ளிகளையும் வைத்து ஸ்கேலால் வரிசையாகச் சேருங்கள். நடுவில் கூரை மாதிரி ஒரு முனை வந்தால் சரியாக வரைந்திருக்கிறீர்கள்.

கோட்டைப் பார்ப்பதற்கு முன் அச்சைப் படியுங்கள்

எல்லோரும் முதலில் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். கோட்டை விட்டுவிட்டு, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: நிமிர்ந்த அச்சு எதை அளக்கிறது, எங்கிருந்து அளக்கிறது, ஒரு கட்டத்துக்கு எவ்வளவு.

நிமிர்ந்த அச்சில் 'வேகம்' என்று எழுதியிருந்தால் அது வேறு வரைபடம், இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. பல ஜிபிஎஸ் செயலிகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நிறம்கூட ஒன்றாக இருக்கும். வேக வரைபடத்தில் படுத்த கோடு என்றால் வண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைவு வரைபடத்தில் அதே படுத்த கோடு என்றால் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. அச்சைப் படிக்காமல் போனால் ஓடுகிற வண்டியை நின்றதாகச் சொல்லி டிரைவரிடம் சண்டை போட வேண்டியிருக்கும்.

எங்கிருந்து அளக்கிறது என்பது இதைவிடப் பெரிய விஷயம், அதற்குத் தனியாக வருகிறேன். இப்போதைக்கு நம் அச்சு 'மார்க்கெட்டிலிருந்து தொலைவு' என்று மட்டும் நினைவில் வையுங்கள். அதாவது கோட்டின் உயரம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த நொடியில் வண்டி மார்க்கெட்டை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது. உயரத்துக்கும் வேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோடு 55இல் இருக்கும்போது வண்டி தஞ்சாவூரில் சும்மா நிற்கலாம், 5இல் இருக்கும்போது பறந்துகொண்டிருக்கலாம்.

நின்ற இடங்கள்

இது சுலபம். கோடு படுத்துக் கிடக்கும் இடமெல்லாம் வண்டி நின்ற இடம், ஏனென்றால் நேரம் நகர்கிறது, தொலைவு மாறவில்லை. நம் படத்தில் 7:00 முதல் 7:25 வரை 35 கி.மீ. உயரத்தில் ஒரு படுத்த கோடு இருக்கிறது. 2.5 செ.மீ. நீளம், 25 நிமிடம். அந்தத் தொலைவு செங்கிப்பட்டிப் பக்கம். டீக்கடை.

அடுத்து 7:50இலிருந்து 7:55 வரை அரை செ.மீ. நீளத்துக்கு ஒரு குட்டித் துண்டு, அதுவும் அதே 35இல். இங்கேதான் படம் பேச ஆரம்பிக்கிறது. இரண்டு படுத்த கோடுகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, அதாவது வண்டி இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. முதலில் 25 நிமிடம், பிறகு திரும்ப வந்து 5 நிமிடம். எதையோ மறந்து வைத்துவிட்டுப் போய் எடுக்க வந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. டிரைவரிடம் கேட்டால் அதுதான், ரசீதும் பணமும் இருந்த பையை டீக்கடை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் ஒன்று, 'பையை மறந்தார்' என்பது படத்தில் இல்லை, அது என் ஊகம். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பதோடு படத்தின் வேலை முடிந்துவிடுகிறது. ஏன் என்பதை ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிஜமான ஜிபிஎஸ் படத்தில் படுத்த கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி இருக்காது. வண்டி அசையாமல் நின்றாலும் கருவி காட்டும் இடம் சில மீட்டர் அப்படியும் இப்படியும் அலையும், அதனால் பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டில் ரம்பப்பல் மாதிரி சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் தெரியும். அதைப் பார்த்து "டிரைவர் வண்டியை முன்னும் பின்னும் எடுத்திருக்கான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

வேகம் எங்கே மாறுகிறது

கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு வேகம். ஒரே நேரத்துக்குள் அதிகத் தொலைவு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். எண்ணாக வேண்டுமென்றால் ஒரு நேர்க்கோட்டுத் துண்டின் இரண்டு முனைகளையும் எடுத்து, தொலைவின் வித்தியாசத்தை நேரத்தின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். கவனியுங்கள், இரண்டுமே வித்தியாசம். 7:00 மணிக்கு 35 கி.மீ. என்று பார்த்துவிட்டு 35ஐயும் 7ஐயும் வைத்து ஏதாவது செய்யக் கூடாது.

முதல் துண்டு: 6:00 முதல் 6:40 வரை, 0 முதல் 20 வரை. 40 நிமிடத்தில் 20 கி.மீ. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று தெரிய 20ஐ 40ஆல் வகுத்து 60ஆல் பெருக்குங்கள். மணிக்கு 30 கி.மீ. ஊருக்குள் நெரிசலில் நெளிந்து துவாக்குடிப் பக்கம் வரும் வரைக்கும் அவ்வளவுதான் முடியும்.

இரண்டாவது துண்டு: 6:40 முதல் 7:00 வரை, 20 முதல் 35 வரை. 20 நிமிடத்தில் 15 கி.மீ., மணிக்கு 45. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 20 நிமிடத்தை 0.20 மணி என்று கால்குலேட்டரில் தட்டினால் விடை 75 என்று வரும். பாரம் ஏற்றிய குட்டி யானை மணிக்கு 75இல் போனது என்று விடை வந்தால் வண்டியைச் சந்தேகப்படாதீர்கள், உங்கள் வகுத்தலைச் சந்தேகப்படுங்கள். 20 நிமிடம் என்பது மணியில் மூன்றில் ஒரு பங்கு, 0.33. நிமிடத்தால் வகுத்துவிட்டுக் கடைசியில் 60ஆல் பெருக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தவறு வரவே வராது, அதனால் நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

6:40இல் கோடு சட்டென்று கொஞ்சம் நிமிர்கிறது பாருங்கள், அந்த முடிச்சுதான் வேகம் மாறிய இடம். நெரிசலை விட்டு நான்கு வழிச்சாலையில் வண்டி ஓட ஆரம்பித்த நேரம் அது. எண் எதுவும் போடாமலேயே, கோடு எங்கெல்லாம் முறிகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வந்தால் பயணம் எத்தனை துண்டு என்பது தெரிந்துவிடும். நம் படத்தில் ஏழு துண்டு. மீதி மூன்று ஓட்டங்களையும் நீங்களே போட்டுப் பாருங்கள்: டீக்குப் பிறகு 15 நிமிடத்தில் 10 கி.மீ., அதாவது 40; திரும்பி வந்தது 10 நிமிடத்தில் 10 கி.மீ., அதாவது 60. கடைசி ஓட்டம் 25 நிமிடத்தில் 20 கி.மீ., அதாவது 48. மற்ற இரண்டு துண்டும் நின்ற நேரம்.

கண்ணாலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது. நாம் எடுத்த அளவுப்படி ஒரு கட்டம் வலது பக்கம், ஒரு கட்டம் மேலே போனால் 10 நிமிடத்தில் 5 கி.மீ., அது மணிக்கு 30. ஆக இந்தத் தாளில் சரியாக மூலைவிட்டமாகப் போகும் கோடு 30. அதைவிட நிமிர்ந்திருந்தால் 30க்கு மேல், படுத்திருந்தால் கீழ். ஆனால் இது இந்தத் தாளுக்கு மட்டும்தான். அச்சின் அளவை மாற்றினால் அதே பயணம் மலையாகவும் தெரியும், வாய்க்கால் வரப்பாகவும் தெரியும். இரண்டு நாள் ஸ்க்ரீன்ஷாட்டைப் பக்கத்தில் வைத்து, "நேத்துக் கோடு செங்குத்தா இருக்கு, நேத்துதான் வேகமாப் போயிருக்கான்" என்று சொல்வதற்கு முன் இரண்டிலும் அச்சு ஒன்றா என்று பாருங்கள். செயலிகள் திரைக்கு ஏற்ற மாதிரி அளவைத் தாங்களாகவே மாற்றிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். நேர்க்கோடு என்பது நாம் செய்த சமரசம். 0இலிருந்து சட்டென்று 30க்கு எந்த வண்டியும் தாவாது. நெருக்கமாகப் புள்ளி எடுத்தால் கிளம்பும் இடத்தில் கோடு படுத்தாற்போலத் தொடங்கி மெல்ல மெல்ல நிமிரும், அது வேகம் எடுப்பது. டீக்கடைக்கு வரும்போது நிமிர்ந்து வந்த கோடு மெல்ல வளைந்து படுக்கும், அது பிரேக். வளைந்த கோட்டில் ஒரு குறிப்பிட்ட நொடியின் வேகம் வேண்டுமென்றால் அந்தப் புள்ளியில் ஸ்கேலை வைத்து, கோட்டை வெட்டாமல் தொட்டு மட்டும் போகும்படி திருப்பி, ஸ்கேல் ஓரமாக ஒரு நீளமான கோடு இழுத்து அதன் சரிவைக் கணக்குப் போடலாம். நீளமாக இழுத்தால்தான் படிக்கும்போது வரும் சின்னப் பிழை விடையைக் கெடுக்காது. ஊருக்குள் போன அந்த 40 நிமிடத்தையும் பெரிதாக்கினால் சிக்னலுக்குச் சிக்னல் ஏணிப்படி மாதிரித்தான் இருக்கும், 30 என்பது அந்தப் படிகளுக்கு எல்லாம் சேர்த்து வந்த சராசரி.

திரும்பிய இடம்

இப்போது அந்த 'மலை'. 7:40இல் கோடு 45 வரை ஏறி, அங்கிருந்து கீழே இறங்குகிறது. மார்க்கெட்டிலிருந்து வண்டியின் தொலைவு குறைகிறது என்றால் வண்டி மார்க்கெட்டை நோக்கி வருகிறது என்றுதான் பொருள். வல்லம் பக்கம் வரைக்கும் போன பிறகு பை ஞாபகம் வந்திருக்கிறது. முனையின் நேரம் திரும்பிய நேரம், முனையின் உயரம் திரும்பிய இடம். இரண்டையும் அந்த ஒரே புள்ளி சொல்லிவிடுகிறது.

முனையின் வடிவத்தையும் பாருங்கள். கூர்மையாக இருந்தால் வண்டி நிற்காமல் வளைத்துத் திருப்பியிருக்கிறது. முனை தட்டையாக, மொட்டை மாடி மாதிரி இருந்தால் கொஞ்ச நேரம் நின்று, போனில் பேசி, யோசித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. நடுவில் தடுப்புச்சுவர் இருக்கும் நான்கு வழிச்சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது, அடுத்த இடைவெளி வரை போயே ஆக வேண்டும். அதனால் ஞாபகம் வந்த இடம் வேறு, படத்தில் முனை இருக்கும் இடம் வேறு.

இறங்கும் கோட்டின் வேகம் எப்படிப் பார்ப்பது? அதே கணக்குதான். 45இலிருந்து 35க்கு, 10 நிமிடத்தில் 10 கி.மீ., மணிக்கு 60. கழித்துப் பார்த்தால் மைனஸ் 10 என்று வரும், அந்த மைனஸ் திசையைத்தான் சொல்கிறது, மெதுவாகப் போனதைச் சொல்லவில்லை. இதில் ஒரு வேடிக்கை, அன்றைக்கு முழுப் பயணத்திலும் வண்டி அதிக வேகமாக ஓடியது இந்த இறங்கும் கோட்டில்தான். பணப்பை போன பதற்றம். 'கோடு இறங்கினால் வேகம் குறைகிறது' என்று படிக்கிறவர்கள் இந்த இடத்தில் சரியாக நேர்மாறாகப் புரிந்துகொள்வார்கள். வேகம் குறைந்தால் கோடு இறங்காது, படுக்கும்.

கோடு இறங்கினாலே திரும்பி வந்த வண்டி என்றும் முடிவு கட்ட வேண்டாம். ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் செக்‌ஷன் கன்ட்ரோலர்கள் ஒரே தாளில் நேரத்தைப் படுக்கைவாட்டிலும் ஸ்டேஷன்களை நிமிர்ந்த வாட்டிலும் போட்டு ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கோடு இழுப்பார்கள். முன்பு பென்சிலால், இப்போது கணினித் திரையில். அந்தத் தாளில் ஏறும் கோடெல்லாம் ஒரு திசை ரயில், இறங்கும் கோடெல்லாம் எதிர்த்திசை ரயில். எதுவும் திரும்பவில்லை, வேறு முனையிலிருந்து கிளம்பியிருக்கிறது. ஒரே கோடு ஏறி, முனை வைத்து, இறங்கினால்தான் அது திரும்பியது. ஒற்றைப் பாதையில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு ஸ்டேஷனாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மொத்தம் ஓடியதா, மார்க்கெட்டிலிருந்து தொலைவா?

எங்கிருந்து அளக்கிறது என்று முன்பே சொன்னேன் அல்லவா, அது இதுதான். சில செயலிகளில் நிமிர்ந்த அச்சில் 'மொத்தம் ஓடிய தொலைவு' இருக்கும், வண்டி மீட்டரில் ஓடுகிற எண் மாதிரி. அந்த எண் திரும்பி வந்தாலும் ஏறிக்கொண்டேதான் போகும். நம் பயணத்தையே அப்படி வரைந்தால் 7:40 வரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகு 7:50இல் 35 இருக்காது, 55 இருக்கும். 7:55இலும் 55. 8:20இல் 75. வேறு கலர் பேனாவால் அதே தாளில் போட்டுப் பாருங்கள், தாளில் மேலே இன்னும் 4 செ.மீ. இடம் வேண்டும். கூரை முனை காணாமலே போய்விடும்! 7:40இல் தெரிவதெல்லாம் 40இலிருந்து 60க்கு வேகம் கூடியது மட்டும்தான். திரும்பியதற்கான தடயமே இல்லை.

ஆக மொத்தத் தொலைவு வரைபடத்தில் கோடு ஒருபோதும் இறங்காது. இறங்காத கோட்டைப் பார்த்து "வண்டி திரும்பவே இல்லை" என்று சொல்வதற்கு முன், கடைசி உயரத்தைப் பாருங்கள். சாலைக் கணக்குப்படி 55 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு 75 என்று முடிந்தால் எங்கேயோ 20 கி.மீ. கூடுதலாக ஓடியிருக்கிறது. ஒரு தடவை 10 போய் 10 வந்திருக்கலாம், இல்லை சுற்றுவழியில் போயிருக்கலாம், எது என்று இந்தப் படம் மட்டும் சொல்லாது.

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர் கையில் கட்டிய வாட்ச்சை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவு. மொத்தத் தொலைவுக் கோடு 14 கி.மீ. வரை ஏறும். கிளம்பிய இடத்திலிருந்து நேர்த்தொலைவு என்று போட்டால் கோடு ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் போனபோது உச்சி தொட்டு, மெல்ல இறங்கி 0இல் முடியும். அவர் எங்கேயும் திரும்பி நடக்கவில்லை, சுற்றி வந்திருக்கிறார்.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கையும் வருகிறது. 'தொலைவு' சாலை வழியாக அளந்ததா, காகம் பறக்கிற மாதிரி நேராக அளந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். திருச்சி–தஞ்சாவூர் சாலை ஓரளவு நேராகப் போவதால் நமக்குப் பெரிய வித்தியாசம் வரவில்லை. 70 கொண்டை ஊசி வளைவு இருக்கும் கொல்லிமலைப் பாதையில் நேர்த்தொலைவைப் போட்டால் முன்னால் போய்க்கொண்டே இருக்கும் வண்டிகூட ஒவ்வொரு வளைவிலும் அடிவாரத்துக்குக் கொஞ்சம் நெருங்கும், விலகும். கோடு அலை அலையாக ஏறி இறங்கும். பார்க்கிறவர் எழுபது தடவை வண்டியைத் திருப்பினான் என்று படிக்கலாம்.

கோடு மறைக்கும் இடம்

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது, பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் இருக்காது. செயலி வரையும் கோடு முழுவதும் அளந்தது அல்ல. புள்ளிகள் மட்டும்தான் அளந்தவை, நடுவில் இருப்பது ஸ்கேல் வைத்து இணைத்தது.

நம் வண்டியில் 7:25க்கு ஒரு புள்ளி வந்த பிறகு சிக்னல் போய், அடுத்த புள்ளி 8:00 மணிக்குத்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 8:00 மணிக்கு வண்டி எங்கே? 7:55க்கு 35இலிருந்து கிளம்பி, மணிக்கு 48 வேகத்தில் 5 நிமிடம், ஆக 4 கி.மீ. ஓடி 39இல் இருக்கும். செயலி 35ஐயும் 39ஐயும் ஒரு நேர்க்கோட்டால் சேர்த்துவிடும். போனது, திரும்பியது, பை எடுத்தது எல்லாம் அழிந்து, 35 நிமிடத்துக்கு 4 கி.மீ. ஏறும் ஒரு சாதுவான கோடு மட்டும் மிஞ்சும். கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 7 கி.மீ.

எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த 7தான் காட்டிக்கொடுக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடத் தயாராக இருக்கும் வண்டி அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே சீராக 7இல் போகாது, மாட்டு வண்டிதான் அப்படிப் போகும். நம்பக் கஷ்டமான வேகத்தில், வளைவே இல்லாத, நீளமான நேர்க்கோடு வந்தால் அங்கே தகவல் இல்லை என்று சந்தேகப்படுங்கள். செயலியில் புள்ளிகளைக் காட்டும் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள், இரண்டு முனையைத் தவிர நடுவில் புள்ளியே இருக்காது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: கோடு ஏறக்குறைய நெட்டாக நிமிர்ந்தால் வண்டி ஒரே நொடியில் பல கிலோமீட்டர் போனது என்றாகும், அது ஜிபிஎஸ் தாவியது. கோடு இடது பக்கமாகத் திரும்பினால் நேரமே பின்னால் போகிறது என்று பொருள், அப்படி ஒன்றைப் பார்த்தால் வரைந்தவர் புள்ளிகளைத் தப்பான வரிசையில் சேர்த்திருக்கிறார்.

சராசரி வேகம் கேட்டால்

மூன்று விடை வரும், மூன்றும் வேறு கேள்விக்கான விடை. 6:00 முதல் 8:20 வரை 140 நிமிடம். மார்க்கெட்டுக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே உள்ள 55ஐ வைத்தால் மணிக்கு 23.6. சரக்கு எதிர்பார்த்துக் காத்திருக்கும் கடைக்காரருக்கு இதுதான் முக்கியம். வண்டி நிஜமாக ஓடிய 75ஐ வைத்தால் 32.1. நின்ற 30 நிமிடத்தையும் கழித்து, ஓடிய 110 நிமிடத்துக்கு மட்டும் பார்த்தால் 40.9. டிரைவர் எப்படி ஓட்டுகிறார் என்று தெரிய வேண்டுமென்றால் இதைப் பார்க்கலாம். பரீட்சையில் சராசரி வேகம் என்றால் நடுவில் உள்ளது, மொத்தம் ஓடிய தொலைவைக் கிளம்பியதிலிருந்து சேர்ந்தது வரை ஆன மொத்த நேரத்தால் வகுப்பது. 30, 45, 40, 60, 48 என்று எல்லா வேகத்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 44.6 வரும், அது எந்தக் கேள்விக்கும் விடை இல்லை.

சரி, தாள் கையில் இருக்கிறதல்லவா, இதைச் செய்து பாருங்கள். 40ஆவது கிலோமீட்டரில் சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க் இருப்பதாக வைத்துக்கொள்வோம், வாசலில் கேமரா. நம் குட்டி யானை அன்றைக்கு அந்தக் கேமராவில் எத்தனை தடவை தெரியும்? 40இல் ஸ்கேலைப் படுக்கவைத்து ஒரு கோடு இழுங்கள். அது பயணக் கோட்டை மூன்று இடத்தில் வெட்டும்: 7:32க்குக் கொஞ்சம் மேலே, 7:45, அப்புறம் 8:01. நடுவில் உள்ளதில் மட்டும் வண்டி திருச்சியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.